திரையில் மூன்று எண்கள்

ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷினின் டயலை ‘காட்டன்’ என்ற இடத்துக்குத் திருப்பியதும் கண்ணாடித் திரையில் மூன்று எண்கள் வந்து நிற்கும்: 40, 1200, 2:05. முதலாவது தண்ணீரின் சூடு, செல்சியஸில். இரண்டாவது ஸ்பின் வேகம், அதாவது துணியைப் பிழியும்போது டிரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது. மூன்றாவது வேலை முடிய ஆகும் நேரம். கம்பெனி வைத்த எண்களை அப்படியே விட்டுவிட்டு ஸ்டார்ட் பொத்தானை அழுத்துவதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். எப்போதாவது அவசரம் என்றால் ‘குயிக்’குக்குத் திருப்புவார்கள்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சூட்டை மட்டும் 40-லிருந்து 60-க்கு மாற்றுங்கள். நீங்கள் தொடாத நேர எண்ணும் சேர்ந்து நகரும். ‘டெலிகேட்’டுக்குத் திருப்பினால் ஸ்பின் எண் தானாகவே இறங்கிவிடும், அதை மறுபடி 1200-க்கு ஏற்ற முயன்றால் மெஷின் மறுக்கும். இந்த மூன்று எண்களும் ஒரே கணக்கின் மூன்று வரிகள். அந்தக் கணக்கு தெரிந்தால் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

அந்தக் கணக்கை 1959-இல் எழுதிவைத்தவர் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். துணி வெளுப்பது நான்கு விஷயங்களால் என்றார் அவர்: சோப்பு, சூடு, நேரம், துணி படும் அடி. இவற்றில் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஏதாவது ஒன்றைக் கூட்டியாக வேண்டும். நம் ஊர் வெள்ளாவியில் இந்த நான்கும் பச்சையாகத் தெரியும். உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை முக்கினார்கள், அது சோப்பு. பானைமேல் அடுக்கி ஆவியில் வேகவைத்தார்கள், அது சூடு. இரவு முழுக்க விட்டார்கள், அது நேரம். காலையில் ஆற்றங்கரைக் கல்லில் அடித்தார்கள். சோப்பு வலுவில்லாத காலத்தில் சூடும் நேரமும் அடியும் அதன் பங்கையும் சேர்த்துச் சுமந்தன. மெஷினின் புரோகிராம் ஒவ்வொன்றும் இந்த நான்கையும் வேறு வேறு அளவில் கலந்த கலவைதான்.

ஒரு லோடை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போவோம். சென்னை, நவம்பர் மாதம், வெளியே மழை. ஏழு கிலோ மெஷின். உள்ளே போவது நான்கு குளியல் துண்டு, இரண்டு படுக்கை விரிப்பு, தேங்காயெண்ணெய் ஏறிய தலையணை உறைகள் சில. எல்லாம் பருத்தி, உலர்ந்த எடை சுமார் நான்கு கிலோ.

முதலில் சூடு. மெஷினுக்குள் இருப்பது ஹீட்டர் மட்டுமே, தண்ணீரைக் குளிர்விக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. அதனால் திரையில் பனிப்பூ அடையாளம் போட்ட ‘கோல்ட்’, 20, 30 என்ற மூன்றும் சென்னையில் அநேகமாக ஒன்றுதான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் நவம்பரிலேயே 27, 28 பாகை இருக்கும். மே மாதப் பகலில் கருப்புத் தொட்டித் தண்ணீர் 40-ஐத் தொட்டுவிடும். அன்று 40 என்று வைத்தாலும் ஹீட்டருக்கு வேலை இருக்காது. இதே மெஷின் ஊட்டியில் இருந்தால் கதை வேறு. அங்கே குளிர்காலத் தண்ணீர் 15 பாகைக்குக் கீழேகூடப் போகும் என்பதால் ‘கோல்ட்’ என்றால் உண்மையிலேயே பச்சைத்தண்ணீர். 20-க்கும் 30-க்கும் அர்த்தம் உண்டு. இந்த எண்வரிசையே குளிர்நாடுகளின் குழாய்த் தண்ணீரை மனதில் வைத்து வந்தது. நம் சமவெளி ஊர்களில் உண்மையில் தேர்வு செய்ய மூன்று படிகள்தான் உள்ளன: சூடாக்காத தண்ணீர், 40, 60. அதற்குமேல் உள்ள 90 அல்லது 95 வீட்டுத் துணிக்கு அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

40 என்ற எண் ஏன் இத்தனை புரோகிராம்களில் இயல்பாக வந்து நிற்கிறது? இன்றைய துணித்தூளிலும் லிக்விடிலும் என்சைம்கள் இருக்கின்றன. வியர்வை, பால், முட்டை போன்ற புரதக் கறையை உடைக்க ஒன்று, சோற்றுக் கஞ்சியை உடைக்க ஒன்று, எண்ணெயை உடைக்க ஒன்று என்று. இவை நன்றாக வேலை செய்வது ஏறக்குறைய 30 முதல் 50 பாகை வரை. 60-ஐத் தாண்டினால் அவற்றின் சக்தி வேகமாகக் குறையும். ஆகவே சூடு ஏற ஏற வெளுப்பும் ஏறிக்கொண்டே போகும் என்பது சரியல்ல. ரத்தக்கறை பட்ட துணியை எடுத்த எடுப்பிலேயே 60-இல் போட்டால் புரதம் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பச்சைத்தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். மஞ்சள்கறைக்குச் சூடு எந்த உதவியும் செய்யாது. சோப்பின் காரம் பட்டதும் அது சிவக்கும். துவைத்த பிறகு வெயிலில் போட்டால் அந்த நிறம் மெல்ல வெளிறிவிடும்.

நம் லோடில் தலையணை உறைதான் கடினமான பங்காளி. தேங்காயெண்ணெய் 24, 25 பாகையிலேயே உருகிவிடும் என்பதால் சென்னைத் தண்ணீரில் அது உறைந்து நிற்காது. ஆனால் எண்ணெயோடு தலையின் கொழுப்பும் சேர்ந்திருக்கிறது. அந்தக் கொழுப்பு இளக உடம்புச் சூட்டை ஒட்டிய வெப்பம் வேண்டும். இங்கே 40 வைத்தால் ஒரே துவைப்பில் தெரியும் வித்தியாசம், 28-இல் எவ்வளவு லிக்விட் ஊற்றினாலும் எளிதில் வராது. சட்டைக் காலருக்கும் இதே கதைதான்.

60 எப்போது? வீட்டில் யாருக்காவது தூசி ஒவ்வாமை இருந்தால் படுக்கை விரிப்புக்கும் தலையணை உறைக்கும் 60 வேண்டும். படுக்கையில் வாழும் தூசிப்பூச்சிகள் 55 பாகைக்கு மேல்தான் சாகும், 40-இல் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தவரின் துணி, குழந்தையின் துணி நாப்கின், அடுப்படித் துணி ஆகியவையும் 60-க்கு உரியவை. மற்றபடி 60 வைக்குமுன் துணியில் தைத்த சீட்டைப் பார்ப்பது நல்லது. தொட்டிப் படத்துக்குள் எழுதியிருக்கும் எண்தான் அந்தத் துணி தாங்கும் உச்சச் சூடு. சுங்குடி, கலம்காரி, புது ஜீன்ஸ் போன்ற சாயம் இறங்கும் துணிகளை ஹீட்டர் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

செலவையும் பார்த்துவிடலாம். நம் நான்கு கிலோ துணிக்குத் துவைக்கும் கட்டத்தில் மெஷின் எடுத்துக்கொள்ளும் தண்ணீர் சுமார் 14 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 28-லிருந்து 40-க்கு ஏற்ற, துணியும் டிரம்மும் குடிக்கும் சூட்டையும் சேர்த்தால், கால் யூனிட் மின்சாரம் போதும். 60-க்கு ஏற்ற ஏறக்குறைய 0.6 யூனிட் ஆகும். டிரம்மைச் சுற்றுவதற்கும் தண்ணீரை வெளியேற்றுவதற்கும் ஆகும் செலவு இதைவிடக் குறைவு. மெஷினின் மின்செலவு என்பது பெரும்பாலும் ஹீட்டரின் செலவுதான். அதனால் இந்த லோடுக்கு 40 என்பது என் முடிவு. போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு சுண்ணாம்பு ஹீட்டர்மேல் படியும். படிந்த சுண்ணாம்பு சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் மறிக்கும். ஹீட்டர் தானே வெந்துபோகும்.

அதற்காக ஹீட்டரைத் தொடாமலே வருஷக்கணக்கில் ஓட்டுவதும் கூடாது. சூடாக்காத தண்ணீரிலேயே எப்போதும் துவைத்தால் சோப்பும் அழுக்கும் சேர்ந்து டிரம்முக்குப் பின்னால் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். கதவின் ரப்பர் மடிப்பில் கருப்புப் புள்ளிகள் வரும். துவைத்த துண்டில் ஈரநாற்றம் அடிக்கும். நாற்றத்துக்குச் சோப்பை மாற்றிப் பயனில்லை. மாதம் ஒருமுறை துணி போடாமல் ‘டப் கிளீன்’ ஓட்டுவதும், துண்டுகளை அவ்வப்போது 60-இல் துவைப்பதும்தான் அதற்கு வைத்தியம்.

இப்போது ஸ்டார்ட் அழுத்துவோம். திரையில் 2:05. கதவு பூட்டிக்கொள்ளும். தண்ணீர் வருவதற்கு முன்பே டிரம் இரண்டு மூன்று முறை இப்படியும் அப்படியும் திரும்பும். துணியைச் சுற்ற மோட்டார் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை வைத்து மெஷின் எடையை ஊகிக்கிறது. நான்கு கிலோதான் என்று தெரிந்ததும் நேரம் குறைந்து 1:45 போல ஒரு எண்ணுக்கு வரும். முதலில் காட்டியது முழு லோடுக்கான மதிப்பீடு. இப்போது காட்டுவது நம் துணிக்கான மதிப்பீடு. இரண்டுமே மதிப்பீடுதான், கடிகாரம் அல்ல. வழியில் மூன்று இடங்களில் அது தவறிப்போகலாம்.

முதல் இடம் தண்ணீர் வரும் வேகம். தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடி வீட்டில் தொட்டி தலைக்குமேல் மூன்று மீட்டரில்தான் இருக்கும், அழுத்தம் 0.3 பார். தொட்டிக்கு மிக அருகில் இருக்கும் வீட்டுக்குத்தான் அழுத்தம் மிகக் குறைவு. மாடலைப் பொறுத்து மெஷின்கள் கேட்பதே 0.3 முதல் 1 பார் வரை. தரைத்தளத்தில் சில நிமிடத்தில் நிறையும் தண்ணீர் மேல்மாடியில் மெதுவாக இறங்கும். ரின்ஸுக்கு ரின்ஸ் இந்தத் தாமதம் சேர்ந்துகொண்டே போகும். குழாயின் முனையில் உள்ள சல்லடை வலையில் மண் அடைத்திருந்தாலும் இதேதான். அதைக் கழற்றிப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவிவிடலாம்.

இரண்டாவது இடம் மின்சாரம். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில்தான் 2000 வாட். மாலை நேரத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் அதன் சக்தி 1225 வாட்டுக்கு விழுந்துவிடும். 60-க்குச் சூடாக்க 18 நிமிடம் ஆக வேண்டிய இடத்தில் அரை மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் திரையின் எண் நகராமல் நிற்கும் அல்லது மெதுவாக நகரும்.

மூன்றாவது, நுரை. கைத்துவைப்புக்கான தூளை ஃப்ரன்ட் லோடில் போட்டால் கண்ணாடிக் கதவு முழுக்க வெள்ளையாகிவிடும். பம்பால் நுரையை இழுக்க முடியாது. மெஷின் சற்று நின்று நுரை அடங்கக் காத்திருக்கும், ஒரு ரின்ஸைத் தானே கூட்டிக்கொள்ளும். ஃப்ரன்ட் லோடுக்கென்று விற்கும் குறைநுரைத் தூளையே வாங்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

நேரம் நீண்டால் மின்சாரமும் கூடும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. சின்னரின் கணக்குப்படி பார்த்தால் பெரும்பாலும் நேர்மாறு. ‘காட்டன் ஈகோ’ மூன்று மணி நேரத்தைத் தொடுவது, சூட்டைக் குறைத்து அந்தக் குறையை நேரத்தால் ஈடுகட்டுவதால்தான். டிரம் மெதுவாகச் சுற்றும், நிறைய நேரம் சும்மா ஊறவிடும். இரண்டுக்கும் மின்சாரம் கொஞ்சமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து வாஷிங் மெஷின்களின் மின்சேமிப்பு லேபிளை ‘ஈகோ 40-60’ என்ற இப்படிப்பட்ட நீண்ட புரோகிராமை வைத்துத்தான் அளக்கிறார்கள்.

‘குயிக் 15’ இதற்கு எதிர் முனை. பதினைந்து நிமிடத்தில் தண்ணீர் நிறைய வேண்டும், வடிய வேண்டும், அலச வேண்டும், பிழிய வேண்டும். துவைப்பதற்கு என்று மிஞ்சுவது சில நிமிடங்கள்தான். ஒருமுறை உடுத்திய இரண்டு மூன்று சட்டைகளுக்கு அது போதும், வியர்வை போகும். நம் நான்கு கிலோவை அதில் திணித்தால் துணி நனைந்து வெளியே வரும், எண்ணெய் அப்படியே இருக்கும், சோப்பும் முழுசாக வெளியேறியிருக்காது. கருப்புத் துணியில் வெள்ளைத் திட்டு திட்டாகத் தூள் ஒட்டியிருந்தால், தோள்பட்டையில் அரிப்பு வந்தால், காரணம் பெரும்பாலும் இதுவே.

கடைசியாக ஸ்பின். திரையில் நத்தைச்சுருள் போன்ற அடையாளத்தின் பக்கத்தில் இருப்பது இந்த எண். 1200 என்று காட்டினாலும் டிரம் அந்த வேகத்தில் சுற்றுவது கடைசிப் பிழிதலின் இறுதிச் சில நிமிடங்கள் மட்டுமே. ஆனால் அந்த நேரத்தில் நடப்பது சாதாரணமல்ல. டிரம் சுவரோடு ஒட்டிய 100 கிராம் ஈரத்துணி, கிட்டத்தட்ட 38 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சுவரை அழுத்தும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் இந்த விசை நான்கு மடங்காகும். தண்ணீர் நூலிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓட்டை வழியாக வெளியே தெறிப்பது இதனால்தான்.

விசை நான்கு மடங்கானாலும் துணி நான்கு மடங்கு உலர்வதில்லை. நம் லோடையே பாருங்கள். 800-இல் பிழிந்தால் துணிக்குள் ஏறத்தாழ 2.8 லிட்டர் தண்ணீர் மிஞ்சும். 1000-இல் 2.4 லிட்டர். 1200-இல் 2.1. 1400-இல் 2 லிட்டர் போல. 800-லிருந்து 1200-க்குப் போவதால் முக்கால் லிட்டருக்கு நெருக்கமாகக் குறைகிறது. அதற்குமேல் 1400-க்குப் போனால் நூறு மில்லி அளவே மிச்சம். நூலுக்குள் இறுகப் பிடித்திருக்கும் ஈரம் எந்தச் சுழற்சிக்கும் எளிதில் அசையாது. கடையில் 1400 மெஷினுக்குக் கூடுதல் விலை கேட்கும்போது இந்த நூறு மில்லியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் மழையில், வீட்டுக்குள் கொடிகட்டி ஃபேனைப் போட்டு உலர்த்தும் நாளில், அந்த முக்கால் லிட்டர்தான் துண்டு மறுநாள் காலைக்குள் காய்வதா, நாற்றமெடுப்பதா என்பதைத் தீர்மானிக்கும். ஸ்பினுக்கு ஆகும் மின்சாரமோ மிகச் சொற்பம். துண்டுக்கும் விரிப்புக்கும் 1200 வையுங்கள்.

ஏப்ரல் வெயிலில் அந்த அவசியம் இல்லை. மொட்டைமாடியில் இரண்டு மணி நேரத்தில் எதுவும் காய்ந்துவிடும். 800 போதும், துணியில் சுருக்கமும் குறைவாக விழும். பருத்திச் சட்டை, பாலியெஸ்டர் சேலை, செயற்கை இழைத் துணிகளுக்கு எந்தப் பருவத்திலும் 800-ஐத் தாண்ட வேண்டியதில்லை. வேகமாகப் பிழியும்போது விழும் மடிப்பு இஸ்திரிப்பெட்டிக்கே சவால்விடும். கம்பளி, லேஸ் வைத்த உள்ளாடை, மெல்லிய துப்பட்டா ஆகியவற்றுக்கு 400 முதல் 600. ஆனால் ஸ்பினைக் குறைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரின்ஸுகளுக்கு நடுவே வரும் பிழிதலிலும் சோப்புத் தண்ணீர் வெளியேறுகிறது. பல மெஷின்களில் கடைசி ஸ்பினோடு அந்த இடைப் பிழிதலும் மென்மையாகிவிடும். அதனால் 400 வைத்தால் ‘எக்ஸ்ட்ரா ரின்ஸ்’ பொத்தானையும் சேர்த்து அழுத்துவது நல்லது. தோல் எளிதில் சிவக்கும் குழந்தைகள் உள்ள வீட்டில் இதை விடவே கூடாது.

இனி, வீடுகளில் அடிக்கடி கேட்கும் அந்தப் புகார்: “ஒரு நிமிஷம்னு காட்டி அரை மணி நேரமா நிக்குதுங்க.” மெஷின் பழுதாகவில்லை. பிழிவதற்கு முன் டிரம்மை மெதுவாகச் சுற்றித் துணியைச் சுவரில் சமமாகப் பரப்பப் பார்க்கிறது. ஒருபக்கம் கனம் கூடினால் 1200 வேகத்தில் மெஷினே நடக்கத் தொடங்கிவிடும். ஆகவே நிறுத்தி, துணியை உதறி, மறுபடி முயல்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் சில நிமிடம் ஆகும், திரையில் எண் மட்டும் நகராது. பலமுறை முயன்றும் முடியாவிட்டால் சொல்லாமலே குறைந்த வேகத்தில் பிழிந்து முடித்துவிடும், அல்லது UE, Ub என்று திரையில் காட்டி நின்றுவிடும். 1200 வைத்தும் துண்டு சொட்டச் சொட்ட வந்தால், நீங்கள் வைத்த வேகத்துக்கு அது போகவில்லை என்று அர்த்தம்.

காரணம் பெரும்பாலும் லோடிலேயே இருக்கும். தனியாகப் போட்ட ஒரே ஒரு கால்மிதி அல்லது கனத்த போர்வை, தண்ணீர் குடித்து ஒரே பந்தாக ஒரு பக்கம் உட்கார்ந்துகொள்ளும். நம் லோடில் ஆபத்து விரிப்புதான். அது பையைப்போல வாயைத் திறந்து துண்டுகளையும் தலையணை உறைகளையும் உள்ளே விழுங்கி முடிச்சாகிவிடும். நின்றுவிட்ட மெஷினைத் திறந்து முடிச்சைப் பிரித்து, ஒற்றைத் துணியாக இருந்தால் துணைக்கு இரண்டு துண்டைப் போட்டு, ‘ஸ்பின்’ மட்டும் 1200-இல் தனியாக ஓட்டினால் பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முழு சைக்கிளைத் திரும்ப ஓட்ட வேண்டாம்.

எந்த லோடு போட்டாலும் மெஷின் அதிர்கிறது என்றால் துணியை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். மேல்மூலைகளைக் குறுக்காக அழுத்தும்போது மெஷின் ஆடினால் ஒரு கால் தரையில் பதியவில்லை. அந்தக் காலின் திருகைச் சுற்றி இறக்கி, பூட்டு நட்டை மேலே இறுக்க வேண்டும். புது மெஷின், முதல் நாளிலிருந்தே இடிபோலச் சத்தம் என்றால் உடனே நிறுத்துங்கள். லாரியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்கப் பின்பக்கம் முடுக்கிய நீளமான போல்ட்டுகளைக் கழற்றாமலே விட்டிருப்பார்கள். அவற்றைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பினை ஓட்ட வேண்டும். கழற்றிய போல்ட்டுகளை எறியாமல் ஒரு கவரில் போட்டு வைத்திருங்கள், வீடு மாறும்போது திரும்ப முடுக்கத் தேவைப்படும்.